வாக்கிய மரவரைபடம்: தோற்றமும் படிக்கும் முறையும்

வாக்கிய மரவரைபடம் என்பது ஒரு வாக்கியத்தில் உள்ள சொற்கள் எந்தெந்தச் சொற்களோடு முதலில் சேர்ந்து தொடர்களாகின்றன, அத்தொடர்கள் எவ்வாறு மேலும் இணைந்து முழு வாக்கியமாகின்றன என்பதைக் காட்டும் படம். தலைகீழாக நிற்கும் மரத்தின் வடிவம் கொண்டது. வேர் மேலே இருக்கும், அது முழு வாக்கியத்தைக் குறிக்கும். கீழே இலைகளாக இருப்பவை சொற்கள். இடையில் கிளைகள் பிரியும் இடங்கள் கணுக்கள் எனப்படும். ஒவ்வொரு கணுவும் தனக்குக் கீழே உள்ள சொற்கள் அனைத்தும் ஓர் அலகு என்று சொல்கிறது.

சொற்கள் எழுத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன. பேச்சிலும் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. ஆனால் பொருள் அந்த வரிசைப்படி உருவாவதில்லை. பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களுக்குத் தொடர்பே இல்லாமல் இருக்கலாம், தொலைவில் உள்ள சொல்லோடு நெருங்கிய தொடர்பு இருக்கலாம். வரிசையில் மறைந்திருக்கும் இந்தச் சேர்க்கையைக் கண்ணுக்குக் காட்டும் முயற்சியே மரவரைபடத்தின் வரலாறு.

பள்ளிக்கூடப் படங்கள்

வாக்கியத்தைப் படமாக வரையும் வழக்கம் மொழியியலாளர்களிடம் தொடங்கவில்லை. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்து அது பரவியது. நியூயார்க் மாநிலத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஸ்டீபன் வாட்கின்ஸ் கிளார்க் 1847-ல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில் ஒவ்வொரு சொல்லையும் ஒரு குமிழிக்குள் எழுதி, குமிழிகளை ஒட்டவைத்து வாக்கியத்தை வரைந்தார். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் மேல்வரிசையில் இருக்கும். அவற்றுக்கு அடைமொழியாக வரும் சொற்கள் கீழே தொங்கும். நீண்ட வாக்கியத்தின் படம் திராட்சைக் குலை போலத் தோன்றும்.

புரூக்ளின் நகரில் பணியாற்றிய அலோன்சோ ரீட், பிரைனர்ட் கெல்லாக் என்ற இரு ஆசிரியர்கள் 1877-ல் குமிழிகளை நீக்கிவிட்டுக் கோடுகளை வைத்தனர். ஒரு கிடைக்கோட்டின் மேல் எழுவாயும் பயனிலையும் எழுதப்படும், இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு வெட்டிச் செல்லும். அடைமொழிகள் சாய்கோடுகளில் இறங்கும். இம்முறை அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறைகளுக்குக் கற்பிக்கப்பட்டது.

இப்படங்களில் ஒரு குறை உண்டு. எந்தச் சொல் எதற்கு அடை என்பதை அவை நன்றாகக் காட்டின. ஆனால் சொற்கள் வாக்கியத்தில் எந்த வரிசையில் நின்றன என்பது படத்தில் தொலைந்துபோனது. சொற்கள் சேர்ந்து முதலில் சிறு தொடர், பிறகு பெரிய தொடர் என்று படிப்படியாக வளர்வதும் அவற்றில் தெளிவாக இல்லை.

இரண்டாக வெட்டுதல்

அடுத்த அடி ஜெர்மனியிலிருந்து வந்தது. உளவியல் அறிஞர் வில்ஹெல்ம் வுண்ட் 1900-ல் வெளியிட்ட நூலில், வாக்கியம் என்பது சொற்களைக் கோத்துச் செய்யப்படுவதல்ல, மனத்தில் முழுமையாகத் தோன்றும் ஓர் எண்ணம் இரண்டிரண்டாகப் பிரிக்கப்படுவதே வாக்கியம் என்று எழுதினார். அந்தப் பிரிவுகளைக் கிளைக்கும் கோடுகளாகவும் வரைந்தார். அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்டு தம் 1914-ஆம் ஆண்டு நூலில் வுண்ட்டைப் பின்பற்றினார். 1933-ல் வந்த 'மொழி' என்ற நூலில் உளவியல் விளக்கத்தைக் கைவிட்டு வெட்டும் முறையை மட்டும் வைத்துக்கொண்டார். வாக்கியத்தை முதலில் இரண்டு பெரிய துண்டுகளாக வெட்ட வேண்டும். கிடைத்த ஒவ்வொரு துண்டையும் மீண்டும் வெட்ட வேண்டும். இனி வெட்ட முடியாத உறுப்பு வரும்வரை இது தொடரும். ஒவ்வொரு வெட்டிலும் கிடைக்கும் துண்டுகள் அண்மையுறுப்புகள் எனத் தமிழ் மொழியியல் நூல்களில் வழங்கப்படுகின்றன.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்குத் தெளிவான விதி புளூம்ஃபீல்டிடம் இல்லை. மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர் இயல்பாக அதை உணர்வார் என்பதே அவர் நிலைப்பாடு. ரூலன் வெல்ஸ் 1947-ல் எழுதிய கட்டுரை இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. ஒரு துண்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒற்றைச் சொல்லை வைக்க முடியுமானால், அத்துண்டு ஓர் அலகு என்பது அவரது அளவுகோலின் சாரம். ஒரே சொல்வரிசைக்கு இரண்டு வெட்டுகள் பொருந்தலாம் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அவர் காட்டிய ஆங்கிலத் தொடரின் சிக்கல் தமிழிலும் அப்படியே உண்டு. 'வயதான ஆண்களும் பெண்களும்' என்றால் பெண்களும் வயதானவர்களா? 'வயதான' என்பதை முதலில் 'ஆண்களும்' என்பதோடு சேர்த்தால் பெண்களின் வயது பற்றிச் செய்தி இல்லை. 'ஆண்களும் பெண்களும்' என்பதை முதலில் சேர்த்து, அதன்பின் 'வயதான' என்பதை இணைத்தால் இருவருமே முதியவர்கள். சொற்களும் வரிசையும் மாறவில்லை, சேரும் முறைதான் மாறியது.

விதியிலிருந்து மரம்

இன்று பாடநூல்களில் காணப்படும் மரத்தின் வடிவம் நோம் சாம்ஸ்கி 1957-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரிலிருந்து வெளியிட்ட 'தொடரியல் அமைப்புகள்' என்ற சிறு நூலால் நிலைபெற்றது. அவர் வெட்டும் முறையைத் தலைகீழாக்கினார் எனலாம். கையில் உள்ள வாக்கியத்தை வெட்டுவதற்குப் பதிலாக, வாக்கியங்களை உருவாக்கும் விதிகளை எழுதினார். ஒரு குறியீட்டை வேறு குறியீடுகளாக மாற்றி எழுதச் சொல்வதே ஒவ்வொரு விதியின் வேலையும். விதிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திச் சொற்கள் வரை இறங்கிய பாதையை வரைந்தால் கிடைப்பது மரம். எந்த விதி முதலில் பயன்பட்டது, எது பின்னர் என்ற வரிசையை மரம் காட்டாது என்பதையும் அவர் குறிப்பிட்டார். படம் என்பது அவருக்கு விதிகளின் சுருக்கக் குறிப்பு மட்டுமே.

இதனால் ஏற்பட்ட முக்கிய மாற்றம், ஒவ்வொரு கணுவுக்கும் பெயர் கிடைத்தது. புளூம்ஃபீல்டின் வெட்டுகள் 'இது ஓர் அலகு' என்று மட்டும் சொல்லின. சாம்ஸ்கியின் கணு 'இது இன்ன வகை அலகு' என்றும் சொல்கிறது. எளிய தமிழ் வாக்கியங்களுக்கு இவ்வகை விதிகளைப் பின்வருமாறு எழுதலாம். அடைப்புக்குறிக்குள் உள்ளது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

```
S  → (NP) + VP
VP → (Adv) + (NP) + V
NP → (S) + N
```

இதில் S என்பது வாக்கியம், NP என்பது பெயர்த்தொடர், VP என்பது வினைத்தொடர். N பெயர்ச்சொல்லையும், V வினைச்சொல்லையும், Adv காலத்தையோ விதத்தையோ சொல்லும் வினையடையையும் குறிக்கும். முதல் விதி, வாக்கியம் என்பது எழுவாயாக நிற்கும் பெயர்த்தொடரும் வினைத்தொடரும் சேர்ந்தது என்கிறது. தமிழில் எழுவாய் வெளிப்படாமலும் வரலாம் என்பதால் அது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது மூன்றாம் விதி. பெயர்த்தொடருக்குள் மீண்டும் S வருகிறது. ஒரு வாக்கியம் இன்னொரு வாக்கியத்துக்குள் உறுப்பாக அமர்வதற்கு வழிசெய்வது இதுதான். உள்ளே அமரும் அதை உள்வாக்கியம் அல்லது துணைவாக்கியம் என்பர். உள்ளே வந்த S-க்குள் இன்னொரு பெயர்த்தொடர், அதற்குள் இன்னொரு S என்று போய்க்கொண்டே இருக்கலாம். மூன்றே விதிகள் எல்லையற்ற வாக்கியங்களைத் தருவது இதனால்தான்.

ஒரு வாக்கியம், மூன்று மரங்கள்

'தங்கை நேற்று வாங்கிய மாம்பழத்தைச் சாப்பிட்டாள்' என்ற ஐந்து சொல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் பார்வையில் இதில் குழப்பம் ஒன்றும் தெரியாது. மேற்கண்ட விதிகளின்படி வரையத் தொடங்கினால் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் கிடைக்கின்றன. கீழே மரம் பக்கவாட்டில் தரப்பட்டுள்ளது. வேர் இடப்பக்கம், இலைகள் வலப்பக்கம்.

```
S
├─ NP: தங்கை
└─ VP
   ├─ NP
   │  ├─ S
   │  │  ├─ Adv: நேற்று
   │  │  └─ V: வாங்கிய
   │  └─ N: மாம்பழத்தை
   └─ V: சாப்பிட்டாள்
```

(உள்வாக்கியத்தின் VP கணு இடம் கருதி விடப்பட்டுள்ளது. இனி வரும் படங்களிலும் இத்தகைய சுருக்கம் உண்டு.)

மரத்தைப் படிக்கும்போது இலைகளிலிருந்து மேல்நோக்கிச் செல்வது எளிது. 'நேற்று' என்ற சொல்லில் தொடங்கி மேலே ஏறினால் முதலில் சந்திக்கும் கணு உள்ளே இருக்கும் S. அந்தக் கணுவின் கீழ் இருக்கும் மற்றொரு சொல் 'வாங்கிய'. எனவே 'நேற்று' என்பது வாங்கியதன் காலம். இன்னும் ஒரு படி ஏறினால் NP. அதன் கீழ் 'நேற்று வாங்கிய மாம்பழத்தை' என்ற மூன்று சொற்களும் அடங்குகின்றன. அம்மூன்றும் சேர்ந்து 'எதை?' என்ற ஒரே கேள்விக்கு விடை. அடுத்த கணு VP, தங்கை செய்த செயல் முழுவதும் அதில் இருக்கிறது. கடைசியாக வேர். எப்போது சாப்பிட்டாள் என்பது இம்மரத்தில் இல்லை. நேற்று வாங்கி இன்று சாப்பிட்டிருக்கலாம்.

இரண்டாவது மரம் இவ்வாறு அமையும்:

```
S
├─ NP: தங்கை
└─ VP
   ├─ Adv: நேற்று
   ├─ NP
   │  ├─ S: வாங்கிய
   │  └─ N: மாம்பழத்தை
   └─ V: சாப்பிட்டாள்
```

இங்கே 'நேற்று' என்பதிலிருந்து மேலே ஏறினால் நேராக வெளி VP வருகிறது. அதற்கு உரிய வினை 'சாப்பிட்டாள்'. உண்டதுதான் நேற்று, வாங்கியது என்றைக்கோ. 'நேற்று', 'வாங்கிய' ஆகிய சொற்கள் இரண்டு மரங்களிலும் அருகருகே நிற்கின்றன. ஆனால் இரண்டாவது மரத்தில் அவை ஒரே அலகைச் சேர்ந்தவை அல்ல. அருகில் நிற்பதாலேயே இரண்டு சொற்களை ஒரு தொடர் என்று எண்ணிவிடுவது மரம் வரையப் பழகுபவர்களிடம் பரவலாகக் காணப்படும் பிழை.

மூன்றாவது மரத்தில் எழுவாய் மறைந்திருக்கிறது:

```
S
└─ VP
   ├─ NP
   │  ├─ S
   │  │  ├─ NP: தங்கை
   │  │  └─ VP: நேற்று வாங்கிய
   │  └─ N: மாம்பழத்தை
   └─ V: சாப்பிட்டாள்
```

'அக்கா என்ன செய்தாள்?' என்ற கேள்விக்கு இவ்வாக்கியம் விடையாக வந்தால் இம்மரமே பொருந்தும். வாங்கியவள் தங்கை, சாப்பிட்டவள் அக்கா. 'தங்கை' என்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றாலும் முதன்மை வினைக்கு எழுவாய் அல்ல. அது உள்வாக்கியத்தின் எழுவாய். பேசும்போது முதல் இரண்டு பொருள்களில் 'தங்கை' என்பதற்குப் பின் சிறு நிறுத்தம் கொடுக்கலாம், மூன்றாவதில் அந்த நிறுத்தம் இயல்பாக வராது.

விதிகளை மட்டும் இயந்திரம் போலப் பின்பற்றினால் நான்காவது மரமும் ஒன்று கிடைக்கும். 'தங்கை நேற்று வாங்கிய மாம்பழத்தை' என்ற நான்கு சொற்களையும் எழுவாய் இடத்தில் வைத்து, 'சாப்பிட்டாள்' என்பதை மட்டும் வினைத்தொடராக்கும் மரம் அது. மாம்பழமே சாப்பிட்டது என்ற பொருள் வரும். அதைத் தடுப்பது 'ஐ' உருபு. இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயர் எழுவாயாக நிற்காது. சொல் வகைகளை மட்டும் பார்க்கும் விதிகள் போதாது, வேற்றுமையையும் விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை இந்த நான்காவது மரம் காட்டிவிடுகிறது.

மரம் சரியா என்று பார்ப்பது

வரைந்த மரம் சரியானதா என்று அறிய வெல்ஸின் பதிலீட்டு முறை இன்றும் பயன்படுகிறது. ஓர் அலகு என்று கருதும் பகுதியை நீக்கிவிட்டு அதன் இடத்தில் 'அதை' என்ற சொல்லை வைத்துப் பார்க்க வேண்டும். முதல் மரத்தின்படி 'தங்கை அதைச் சாப்பிட்டாள்' என்றாகும், 'நேற்று' மாம்பழத்தோடு போய்விடுகிறது. இரண்டாவது மரத்தின்படி 'தங்கை நேற்று அதைச் சாப்பிட்டாள்' என்றாகும். மூன்றாவதில் 'அதைச் சாப்பிட்டாள்' என்பது மட்டுமே மிஞ்சும், தங்கையும் 'அதை' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறாள்.

இடம் மாற்றிப் பார்ப்பது மற்றொரு வழி. ஓர் அலகு முழுதாக நகரும், பாதியாக நகராது. 'வாங்கிய மாம்பழத்தைத் தங்கை நேற்று சாப்பிட்டாள்' என்று மாற்றினால் இரண்டாவது பொருள் மட்டுமே எஞ்சுகிறது. முதல் மரத்தில் 'வாங்கிய மாம்பழத்தை' என்பது தனி அலகு அல்ல என்பதால், அப்பொருளோடு அந்தப் பகுதியைப் பிரித்து நகர்த்த இயலவில்லை.

எச்சமும் கிளையும்

தமிழ் இலக்கண மரபு மரம் வரையவில்லை. ஆனால் மரத்தின் கிளை காட்டும் உறவை அது வேறு விதத்தில் பெயரிட்டு வைத்திருக்கிறது. 'வாங்கிய' என்பது பெயரெச்சம். எச்சம் என்ற சொல்லே அந்த வினை முற்றுப்பெறாமல் எஞ்சி நிற்கிறது, அதை முடிக்க ஒரு சொல் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும். மரத்தின் மொழியில் சொன்னால், பெயரெச்சத்தோடு வரும் உள்வாக்கியம் N-உடன் ஒரே NP-க்குள் அமரும், வினையெச்சத்தோடு வருவது வினைத்தொடரிலோ வாக்கியத்திலோ சென்று சேரும். தமிழ் வாக்கியத்தில் எத்தனை உள்வாக்கியங்கள் உள்ளன என்று அறிய எச்சங்களை எண்ணுவது நல்ல தொடக்கம். ஒவ்வோர் எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் மரத்தின் பெரிய கிளைகள் கிடைத்துவிடும்.

எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் சொல்லுக்கும் நடுவே பிற சொற்கள் வரலாம் என்பதை நன்னூல் இடைப்பிறவரல் என்று குறிப்பிடுகிறது. வேற்றுமை உருபுக்கும் வினைமுற்றுக்கும்கூட அதே அனுமதி உண்டு. ஆனால் வருபவை பொருந்தக்கூடிய சொற்களாக இருக்க வேண்டும். செய்யுளில் எந்தச் சொல்லை எதனோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு எட்டு வகைப் பொருள்கோள்களையும் அந்நூல் வகுத்தது. உரையாசிரியர்களின் 'கொண்டு கூட்டுதல்' ஒருவகையில் மரம் வரைவதுதான், கோடுகளுக்குப் பதில் உரைநடையில் செய்தார்கள்.

மரம் தடுமாறும் இடங்கள்

'மாம்பழத்தைத் தங்கை சாப்பிட்டாள்' என்பது தமிழில் மிக இயல்பான வாக்கியம். ஆனால் மேற்கண்ட விதிகளால் இதை வரைய முடியாது. 'மாம்பழத்தை', 'சாப்பிட்டாள்' இரண்டும் சேர்ந்து VP ஆக வேண்டும். நடுவே தங்கை நிற்கிறாள். வலிந்து வரைந்தால் கிளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும், அது இவ்வகை மரத்தில் அனுமதிக்கப்படாதது. சாம்ஸ்கியின் மரபினர் முதலில் இயல்பான வரிசையில் மரத்தை வரைந்து, பின்னர் ஒரு தொடரை முன்னே நகர்த்தும் விதியைச் சேர்த்தனர். வேறு சிலர் சொல்வரிசை தளர்வான மொழிகளில் VP என்ற கணுவே இல்லை என்றனர். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான வார்ல்பிரியை ஆராய்ந்த கென் ஹேல் 1983-ல் எழுதிய கட்டுரைக்குப் பின் இந்த விவாதம் சூடுபிடித்தது.

மற்றொரு சிக்கல் இதற்கு நேர்மாறானது. 'ஆசிரியரின் படம்' என்றால் அவர் வரைந்த படமா, அவரைக் காட்டும் படமா, அவருக்குச் சொந்தமான படமா? மூன்று பொருள்களுக்கும் மரம் ஒன்றுதான், சேர்க்கையில் வேறுபாடு இல்லை. பொருள் மயக்கம் எல்லாவற்றையும் மரம் பிரித்துக் காட்டிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சாம்ஸ்கி தம் 1957 நூலிலேயே இத்தகைய ஆங்கிலத் தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, மரம் தரும் விளக்கம் போதாது என்று வாதிட்டார்.

தொடர்க் கணுக்களே இல்லாத மரம் ஒன்றும் அதே காலத்தில் பிரான்சில் உருவாகியிருந்தது. லூசியன் டெனியேர் எழுதிய நூல், அவர் 1954-ல் இறந்த பின் 1959-ல் வெளியானது. அவரது படத்தில் வினைச்சொல் உச்சியில் இருக்கும். மற்றச் சொற்கள் ஒவ்வொன்றும் தான் சார்ந்திருக்கும் சொல்லிலிருந்து நேரடியாகத் தொங்கும். இம்முறையில் 'சாப்பிட்டாள்' என்பதன் கீழ் தங்கையும் மாம்பழமும் இரு கிளைகளாக இறங்குகின்றன. எது முன்னே வந்தாலும் கோடுகள் வெட்டிக்கொள்வதில்லை. மேலே கண்ட மூன்று பொருள்களையும் இதிலும் பிரித்துக் காட்டலாம். 'நேற்று' என்ற சொல்லிலிருந்து செல்லும் கோடு 'வாங்கிய' என்பதில் முடிகிறதா, 'சாப்பிட்டாள்' என்பதில் முடிகிறதா, 'தங்கை' எந்த வினையில் தொங்குகிறாள் என்று பார்த்தால் போதும். பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 600 தமிழ் வாக்கியங்களுக்கு மரம் வரைந்து தொகுக்கப்பட்ட தமிழ் மரவங்கி இந்தச் சார்பு முறையையே பின்பற்றியது.